உடைமரத்துக்கு யார் பெயர் மாற்றினார்கள்?

போன வருஷம் சாத்தான்குளத்தைச் சுத்தியிருக்கிற முள்மரங்களைப் பத்தி ஒரு சின்னப் பட்டியல் போட ஆரம்பிச்சேன். தேரிக்காட்டு ஓரம், குளக்கரை, சாலையோரம் என்று நான் குறித்து வைத்தது ஒரு பக்கம். பழைய தாவரப் பட்டியல் ஒன்றிலிருந்து எடுத்தது ஒரு பக்கம். இணையத்தில் பலர் ஏற்றிய படங்களின் பெயர்கள் இன்னொரு பக்கம். மூன்றையும் ஒரே கோப்பில் சேர்த்து, அறிவியல் பெயரை வைத்து ஒன்றாக்கினால் வேலை முடிஞ்சுது என்று நினைத்தேன். இருபது வருஷமா மென்பொருள் எழுதுறவன், இதுகூடத் தெரியாதா என்ற நினைப்பு.

பத்து இனங்கள் வந்தன. நான் நேரில் பார்த்தது ஐந்துதான்.

எங்கே தப்பு என்று பார்த்தால், ஒவ்வொரு மரமும் இரண்டு பெயரில் உட்கார்ந்திருந்தது. அகேசியா நிலோடிகா என்று ஒரு வரி, வச்செலியா நிலோடிகா என்று இன்னொரு வரி. இரண்டும் நம்ம கருவேலம்தான். புரோசோபிஸ் ஜூலிஃப்ளோரா, நெல்டுமா ஜூலிஃப்ளோரா இரண்டும் சீமைக்கருவேல், எங்க பக்கத்துப் பேச்சில் சீமை உடை.

```
Acacia nilotica      ->  Vachellia nilotica     கருவேல்
Acacia leucophloea   ->  Vachellia leucophloea  வெள்வேல்
Acacia planifrons    ->  Vachellia planifrons   உடை, குடைவேல்
Prosopis juliflora   ->  Neltuma juliflora      சீமைக்கருவேல்
Prosopis spicigera   ->  Prosopis cineraria     வன்னி
```

முதல் நான்கும் டிஎன்ஏ ஆராய்ச்சி வந்த பிறகு மாறியவை. ஐந்தாவது, வன்னி, வேறு காரணத்தால் மாறியது. அதற்குக் கடைசியில் வருகிறேன். பெயர் மாறிவிட்டது, சரி, மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டிருக்கலாம். ஆனால் ஒரு கேள்வி உறுத்தியது. அகேசியா என்றால் முள்மரம் என்றுதான் பள்ளியில் படித்தோம். முள் இருக்கிற நம்ம மரங்கள் அந்தப் பெயரை இழந்திருக்கின்றன. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் நிற்கிற, முள்ளே இல்லாத ஆஸ்திரேலிய வாட்டில் மரம் இன்னும் அகேசியாவாகவே இருக்கிறது. டிஎன்ஏவா அப்படிச் சொன்னது?

இல்லை. டிஎன்ஏ சொன்னது ஒன்று, மனிதர்கள் தீர்மானித்தது வேறொன்று. இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் பெயர் மாற்றங்கள் புரியும்.

டிஎன்ஏ என்ன சொன்னது

தாவரங்களை ஒப்பிடும்போது ஆரம்ப காலத்தில் அதிகம் பயன்பட்டது இலையின் பசுங்கணிகத்தில் இருக்கும் டிஎன்ஏ. ஒவ்வொரு செல்லிலும் அதற்கு நிறையப் பிரதிகள் உண்டு, அதனால் காய்ந்த இலையிலிருந்துகூட எடுக்க முடியும். அதில் குறிப்பிட்ட ஒரு மரபணுவை, உதாரணமாக மேட்-கே என்ற ஒன்றை, எல்லா மரங்களிலிருந்தும் படித்து, எழுத்துகளை ஒன்றின்கீழ் ஒன்றாக அடுக்குகிறார்கள். கீழே இருப்பது நான் விளக்கத்துக்காக உருவாக்கிய பொம்மை வரிசை; உண்மையான மரபணு ஆயிரத்து ஐந்நூறு எழுத்து அளவுக்கு நீளும்.

```
puli      ATCGGATTACGC
karuvel   ATTGGATCACGA
udai      ATTGGATCATGA
vaagai    GTCGGCTTACGA
wattle    GTCGGCTTACTA
```

புளியை ஏன் சேர்த்தோம்? அது தூரத்துச் சொந்தம். அதை வைத்துத்தான் எது பழைய எழுத்து, எது பிறகு மாறிய எழுத்து என்று ஊகிக்க முடியும். இப்போது கடைசி எழுத்தைப் பாருங்கள். புளியில் C, மற்ற நான்கிலும் A. அப்படியென்றால் அந்த நான்குக்கும் பொதுவான ஒரு மூதாதையில் அந்த மாற்றம் நடந்திருக்கலாம். மூன்றாவது, எட்டாவது எழுத்துகளில் கருவேலும் உடையும் மட்டும் சேர்ந்து மாறியிருக்கின்றன. முதல், ஆறாவது எழுத்துகளில் வாகையும் வாட்டிலும் சேர்ந்து மாறியிருக்கின்றன. ஒரு மரத்தில் மட்டும் இருக்கும் மாற்றம், உதாரணமாக உடையின் பத்தாவது எழுத்து, உறவு பற்றி ஒன்றும் சொல்லாது. சேர்ந்து மாறியவைதான் சாட்சி.

பொம்மை வரிசையில் வருகிற இந்த முடிவு உண்மையிலும் வந்தது. ஆஸ்திரேலிய வாட்டில்களுக்கு நெருங்கிய சொந்தம் கருவேல் இல்லை. வாகை, தூங்குமூஞ்சி எல்லாம் இருக்கிற கூட்டம்தான். கருவேல், வெள்வேல், உடை எல்லாம் வேறொரு கிளை. கொக்கி முள்ளோடு வரும் கருங்காலி, சீயக்காய் வகைகள் இன்னொரு கிளை. அதை இப்போது செனகாலியா என்கிறார்கள்.

இந்த இடத்தில் ஒரு நியாயமான சந்தேகம் வரும். ஒரே எழுத்து இரண்டு மரத்தில் தற்செயலாக ஒரே மாதிரி மாறியிருக்கலாமே? மாறலாம், மாறும். அதனால்தான் கிடைத்த கிளைப்படத்தை அப்படியே நம்புவதில்லை. நெடுவரிசைகளைச் சீட்டுக்குலுக்கல் மாதிரி எடுத்து (ஒரே நெடுவரிசை இரண்டு தடவை வரலாம், ஒன்று வராமலும் போகலாம்) அதே நீளத்தில் புது அட்டவணை செய்து, மறுபடி கிளைப்படம் வரைகிறார்கள். இப்படி ஆயிரம் தடவை. கருவேலும் உடையும் சேர்ந்த கிளை ஆயிரத்தில் எத்தனை தடவை வந்தது என்பதுதான் அதன் பலம். 990 தடவை வந்தால் உறுதி. 550 தடவை வந்தால், அதை நம்பிப் பெயர் மாற்றக்கூடாது.

இன்னொரு வரம்பும் உண்டு. பசுங்கணிகம் பெரும்பாலான பூக்கும் தாவரங்களில் தாய் வழியாகத்தான் இறங்கும். இரண்டு இனம் எப்போதோ கலந்திருந்தால், தாய்வழிக் கதை மட்டும் கிடைக்கும், தகப்பன் வழி காணாமல் போகும். அதனால் பிந்தைய ஆய்வுகள் உட்கருவிலிருந்து நூற்றுக்கணக்கான மரபணுக்களை எடுக்கின்றன. சீமைக்கருவேலின் பெயரை மாற்றிய 2022-ஆம் ஆண்டுக் கட்டுரை 997 உட்கரு மரபணுக்களை வைத்துச் செய்த ஆய்வின்மேல் நின்றது.

குடும்பம் எப்படி மாறியது

பழைய பாடநூல்களில் அவரை, புளி, கருவேல் மூன்றும் மூன்று குடும்பத்துக்கு மாதிரிகள். ஃபேபேசி, சீசல்பினியேசி, மைமோசேசி. பூவைப் பார்த்தாலே பிரித்துவிடலாம் என்று மனப்பாடம் செய்தோம். சிலர் மூன்றையும் ஒரே குடும்பத்தின் துணைக்குடும்பங்களாக எழுதினார்கள். எப்படி எழுதினாலும் பெட்டிகள் மூன்றுதான்.

2017-இல் உலகின் பயறுக்குடும்ப ஆய்வாளர்கள் சேர்ந்து 3,696 இனங்களின் மேட்-கே மரபணுவை வைத்து இந்த மூன்றையும் ஆறாகப் பிரித்தார்கள். சிக்கல் நடுப்பெட்டியில் இருந்தது. சீசல்பினியேசி என்பது உண்மையில் "மற்றவை" என்ற பெட்டி. புளி அதில் ஒரு தூரத்துக் கிளை, மந்தாரை இன்னொரு தூரத்துக் கிளை. கொன்றை வகைகள் இருக்கிற கிளையிலிருந்துதான் கருவேல், வாகைக் கூட்டம் முளைத்திருந்தது.

ஊர்க்கதையாகச் சொல்லணும்னா, கூடப் பிறந்த தம்பியை வேறு குடும்பம் என்று எழுதிவிட்டு, கொள்ளுத்தாத்தா வழிச் சொந்தங்களையெல்லாம் நம்ம ரேஷன் கார்டில் சேர்த்த மாதிரி. தம்பி வித்தியாசமாக இருக்கிறான் என்பது உண்மை. ஆனால் அது பிரிப்பதற்குக் காரணம் ஆகாது. அதனால் கருவேல் கூட்டம் இப்போது சீசல்பினியாய்டி என்ற துணைக்குடும்பத்துக்குள் ஒரு கிளையாகிவிட்டது. புளியும் மந்தாரையும் தனித்தனித் துணைக்குடும்பங்களுக்குப் போய்விட்டன. பொதுவான ஒரு மூதாதையின் எல்லா வாரிசுகளும் ஒரு பெட்டிக்குள் இருக்கணும், யாரையும் விட்டுவிடக் கூடாது என்பதுதான் விதி.

பெயர் யாருக்குப் போச்சு

மறுபடி அகேசியாவுக்கு வருவோம். 1,300-க்கும் மேற்பட்ட இனங்கள் இருந்த பேரினம் அது. உள்ளே பல கிளைகள் இருக்கின்றன, நடுநடுவே வாகைக் கூட்டம் வேறு வருகிறது. பிரிக்காமல் விடலாமா? விடலாம், ஆனால் வாகை, தூங்குமூஞ்சி எல்லாவற்றையும் அகேசியா என்று கூப்பிட வேண்டியிருக்கும். அதை யாரும் விரும்பவில்லை. பிரிப்பது என்றால் அகேசியா என்ற பெயர் எந்தக் கிளையோடு போகும்?

இதற்குத் தாவரவியலில் பழைய, தெளிவான விதி ஒன்று உண்டு. ஒவ்வொரு பேரினப் பெயரும் ஒரு மாதிரி இனத்தோடு கட்டப்பட்டிருக்கிறது. மந்தையைப் பிரிக்கும்போது அந்த ஓர் இனம் எந்தப் பக்கம் நிற்கிறதோ, பெயர் அந்தப் பக்கம். எத்தனை தலை என்று எண்ணுவதில்லை. அகேசியாவின் மாதிரி இனம் எது தெரியுமா? நம்ம கருவேல். அகேசியா என்ற சொல்லே எகிப்தில் வளர்ந்த முள்மரத்துக்குக் கிரேக்கர்கள் வைத்த பெயரிலிருந்து வந்தது. அதனால் விதிப்படி கருவேல், உடை, வெள்வேல் எல்லாம் அகேசியாவாகவே இருந்திருக்கும். ஆஸ்திரேலியாவின் வாட்டில்கள் ரகோஸ்பெர்மா என்ற பெயருக்குப் போயிருக்கும். 1986-லேயே பெட்லி என்ற ஆஸ்திரேலியத் தாவரவியலாளர் அப்படித்தான் எழுதினார்.

ஆனால் வாட்டில் பக்கம் ஆயிரத்தை ஒட்டிய இனங்கள். நம்ம பக்கம் சுமார் 160. ஆயிரம் பெயரை மாற்றுவதா, 160 பெயரை மாற்றுவதா? 2003-இல் ஆர்ச்சர்டு, மாஸ்லின் என்ற இருவர், அகேசியாவின் மாதிரி இனத்தையே மாற்றி ஓர் ஆஸ்திரேலிய இனத்தை வைக்கலாம் என்று முன்மொழிந்தார்கள். குழப்பத்தைக் குறைக்க இப்படி விதிவிலக்குக் கேட்க விதிநூலிலேயே இடம் உண்டு. குழு அதை ஏற்றது. 2005-இல் வியன்னாவில் நடந்த பன்னாட்டுத் தாவரவியல் மாநாட்டில் அது வாக்கெடுப்புக்கு வந்தது.

இங்கேதான் சுவாரஸ்யம். சுமார் 55 சதவீத வாக்குகள் மாற்றத்துக்கு எதிராக விழுந்தன. ஆனாலும் மாற்றம் நிறைவேறியது. குழுவின் பரிந்துரையைத் தள்ள 60 சதவீதம் வேண்டும் என்று அங்கே வைத்திருந்தார்கள். பெரும்பான்மை எதிர்த்தும் தோற்றது என்று ஆப்பிரிக்க மரங்களோடு வேலை செய்தவர்கள் பலர் கொதித்தார்கள். 2011 மெல்பர்ன் மாநாட்டில் அது மறுபடி விவாதத்துக்கு வந்து, வியன்னா முடிவே நிலைத்தது. நம்ம கருவேலின் பெயர் போன கதை இதுதான். டிஎன்ஏ கோட்டைப் போட்டது. எந்தப் பக்கத்துக்குப் பழைய பெயர் என்பதை வாக்குச்சீட்டு தீர்மானித்தது.

பெயர் இழந்த மரங்களுக்கு என்ன பெயர் கொடுப்பது? புதிதாக வைக்கக் கூடாது; ஏற்கெனவே யாராவது முறைப்படி வெளியிட்ட பெயர் இருந்தால் அதைத்தான் எடுக்கணும். அப்படிக் கிடைத்தது வச்செலியா. அதை வெளியிட்டவர்கள் ராபர்ட் வைட், ஆர்னாட் இருவரும், 1834-இல். வைட் யார்? சென்னை மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக இருந்தவர், தென்னிந்தியத் தாவரங்களைத் தேடித் தேடித் தொகுத்தவர். கஸ்தூரி வேலின் நெற்று உப்பலாக, உள்ளே சதையோடு இருப்பதைப் பார்த்து, இது அகேசியா இல்லை என்று தனியாக எடுத்து வச்செலியா என்று பெயர் வைத்தார்கள். மக்காவ்வில் பாதிரியாராக இருந்த வாச்செல் என்பவரின் பெயர் அது.

அதே புத்தகத்தில், சில பக்கங்கள் தள்ளி, நம்ம உடைமரத்துக்கும் அறிவியல் பெயர் வைத்தார்கள். குடை விரித்த மாதிரி தட்டையான தலை, சுருண்ட சின்ன நெற்று. அதை அகேசியாவிலேயே விட்டுவிட்டார்கள். சுமார் 180 வருஷம் கழித்து, அவர்கள் கஸ்தூரி வேலுக்காகக் கட்டிய வீட்டுக்கே உடையும் குடிபோனது. நெற்றைப் பார்த்துப் பிரித்தவர்கள் பாதி சரியாகத்தான் பார்த்திருந்தார்கள். ஒரு மரத்தைச் சரியாக வெளியே எடுத்தார்கள், அதன் சொந்தக்காரர்களைக் கவனிக்கவில்லை.

வன்னி தப்பித்த கதை

சீமைக்கருவேல் விஷயத்தில் விதி அப்படியே நடந்தது. புரோசோபிஸ் என்று ஒரே பேரினமாக இருந்தது மூன்று தனித்தனிக் கிளை என்று தெரிந்தது. ஆப்பிரிக்காவில் ஓர் இனம் தனியாக. வன்னியும் அதன் ஆசியச் சொந்தங்களும் தனியாக. அமெரிக்க இனங்கள் எல்லாம் தனியாக, அதற்குள் நமீபியாப் பக்கத்து வேறொரு செடி ஒட்டிக்கொண்டு. புரோசோபிஸின் மாதிரி இனம் வன்னி. லின்னேயஸ் 1767-இல் அந்தப் பேரினத்தை வெளியிட்டதே வன்னியை வைத்துத்தான். அதனால் பெயர் வன்னியோடு நின்றது. இன்று புரோசோபிஸில் மூன்றே இனங்கள். மெக்சிகோ, அர்ஜென்டினா பக்கத்து மரங்கள் பெரும்பாலும் நெல்டுமா ஆகிவிட்டன, நம்ம ஊரை நிறைத்திருக்கிற சீமைக்கருவேலும் சேர்த்து.

வன்னியின் பழைய பெயர் ஸ்பைசிகெரா மாறியது மட்டும் டிஎன்ஏவால் இல்லை. லின்னேயஸே இந்த மரத்துக்கு 1759-இல் சினரேரியா என்று பெயர் வைத்துவிட்டு, பிறகு வேறு மரம் என்று நினைத்து இரண்டாவது பெயரும் வைத்திருந்தார். முந்தின பெயருக்கே முன்னுரிமை.

இந்தப் பிரிவு முள்ளிலேயே தெரியும் என்பதுதான் எனக்குப் பிடித்தது. வன்னிக் கிளையில் சிறு கூர்முட்கள் இலைக்கணுவைப் பற்றிக் கவலைப்படாமல் தண்டில் அங்கங்கே சிதறிக் கிடக்கும். சீமைக்கருவேலில் முள் கணுவில்தான், இலைக்கோணத்தில் வரும். கருவேலிலும் உடையிலும் இலையடிச் செதிலே முள்ளாக மாறி, ஜோடியாக நிற்கும். பார்க்க எல்லாம் முள்தான், ஆனால் மூன்றும் வேறு வேறு உறுப்பு. பர்கார்ட் என்ற அர்ஜென்டினா ஆய்வாளர் 1976-இல் முள்ளையும் ஓர் அடையாளமாக வைத்துப் புரோசோபிஸை உட்பிரிவுகளாக்கினார். 997 மரபணுக்கள் சொன்னதும் அவர் போட்ட கோடுகளோடு பொருந்தியது.

இது எனக்கு உடனே உதவியது. என் கோப்பில் பத்து வரிகளுக்கு வெளியே ஒரு வரி அனாதையாகக் கிடந்தது. பழைய பட்டியலில் "புரோசோபிஸ், இனம் குறிப்பிடவில்லை, குளக்கரை, நான்கு மரங்கள்" என்று இருந்தது. பெயரை மட்டும் வைத்து இதைத் தீர்க்கவே முடியாது. அன்றைக்குப் புரோசோபிஸ் என்றால் சீமைக்கருவேலாகவும் இருக்கலாம், வன்னியாகவும் இருக்கலாம். சீமைக்கருவேலை அகற்றும் வேலை அந்தக் குளத்தில் தொடங்கப்போகிறது என்றும் கேள்விப்பட்டேன். நேரில் போனேன்.

மூன்று மரத்தில் முள் கணுவில். நான்காவதில் கிளையைத் தடவினால் கணுவுக்கு நடுவிலும் சின்னச் சின்னதாக உறுத்தியது. பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அண்ணாச்சியிடம் கேட்டேன்.

"அது வன்னில்லா தம்பி. சீமை உடையத்தான் வெட்டுவாவ, இதத் தொடமாட்டாவ" என்றார்.

அவருக்குத் தெரியும். வெட்டுகிற இயந்திரத்தை ஓட்ட வெளியூரிலிருந்து வருகிறவருக்குத் தெரியுமா என்பதுதான் கேள்வி. அந்த மரத்தை ஊராரிடம் காட்டி, அடையாளத்துக்கு ஒரு சிவப்புத் துணி கட்டிவிட்டு வந்தேன். கோப்பில் அந்த வரியை இரண்டாக்கினேன்: நெல்டுமா ஜூலிஃப்ளோரா மூன்று, புரோசோபிஸ் சினரேரியா ஒன்று. இனி இந்தியாவில் யாராவது புதிய முறைப்படி புரோசோபிஸ் என்று எழுதினால், பரவிக் கெடுக்கிற சீமைக்கருவேல் அதில் வராது. பெயர் மாற்றத்தால் எனக்கு எரிச்சல் நிறைய, ஆனால் இந்த ஒரு லாபத்தை மறுக்க முடியவில்லை.

பழைய பட்டியலையும் புதியதையும் ஒன்றாக்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். முதல் சொல்லை வைத்து ஒப்பிடாதீர்கள். பேரினம் மாறினாலும் இரண்டாவது சொல் கூடவே போகும். நிலோடிகா, பிளானிஃப்ரான்ஸ், ஜூலிஃப்ளோரா எல்லாம் அப்படியே இருக்கின்றன. அதை வைத்துச் சேர்த்ததும் என் பத்து வரிகள் ஆறாகின. வன்னி மட்டும் சேரவில்லை, ஏன் என்று மேலே சொல்லிவிட்டேன். அதைக் கையால் சேர்த்தேன். ஐந்து.